கிராஃபின் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சுவரிலோ பேப்பரிலோ செல்போனிலோ ஒரு கிராஃப் கண்ணில் பட்டால், மேலே ஏறும் கோட்டைப் பார்க்க மாட்டேன். குனிந்து அடிப்பக்கம் என்ன எண் போட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பேன். இன்றைய பேச்சும் அந்த அடிப்பக்கத்தைப் பற்றித்தான்.

நம் சேலத்தில் ஐந்து ரோடு, புதிய பஸ் நிலையம் பக்கம் போகிறவர்கள் ஜூன் மாதம் பயிற்சி மையங்களின் ஃப்ளெக்ஸ் போர்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு போர்டில் மூன்று பட்டைகள் நிற்கின்றன என்று வையுங்கள். முதல் வருடத் தேர்ச்சி 94 சதவீதம், அடுத்த வருடம் 95, அதற்கடுத்த வருடம் 96. முதல் பட்டை முழங்கால் உயரம், மூன்றாவது பட்டை ஆள் இடுப்பையும் தாண்டி நிற்கிறது. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? அடேயப்பா, மூன்று வருடத்தில் மூன்று மடங்கு!

என்ன நடந்திருக்கிறது என்றால், பட்டைகளின் அடி பூஜ்யத்தில் இல்லை, 93இல் இருக்கிறது. 93 வரைக்கும் உள்ளதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் வரைந்திருக்கிறார்கள். 94 என்பது ஒரு பங்கு, 95 இரண்டு பங்கு, 96 மூன்று பங்கு. மேலே எழுதிய எண்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. பட்டையின் உயரம்தான் பொய்.

எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதை அளக்க ஒரு கணக்கு சொன்னார். படம் காட்டுகிற வளர்ச்சியை, எண்கள் காட்டுகிற வளர்ச்சியால் வகுக்க வேண்டும். நம் போர்டில் பட்டை ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போகிறது, அதாவது 200 சதவீத வளர்ச்சி. எண் 94இலிருந்து 96க்குப் போகிறது, 2 சதவீதத்துக்குச் சற்று மேல். வகுத்தால் 94 வருகிறது. உள்ளதைப் போல 94 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது அந்தப் போர்டு. ஒழுங்கான படத்தில் இந்தக் கணக்கின் விடை 1 அல்லது அதை ஒட்டி வர வேண்டும்.

இத்தனை கணக்குகூட வேண்டாம். கையில் ஒரு ஸ்கேல், இல்லையென்றால் விரல் போதும். சின்னப் பட்டை எத்தனை விரல், பெரிய பட்டை எத்தனை விரல் என்று அளந்து பாருங்கள். பட்டை மூன்று மடங்கு உயர்ந்திருந்தால் எண்ணும் மூன்று மடங்காக இருக்க வேண்டும். இல்லையா, அடியை வெட்டியிருக்கிறார்கள். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கிராஃப் வரைந்துவிட்டு மூலையில் அளவுத்திட்டம் எழுதவில்லை என்றால் மதிப்பெண் போய்விடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவு செய்து போர்டு வைக்கிறவரிடம் யாரும் அளவுத்திட்டம் கேட்பதில்லை. சரி, அதை விடுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் பூஜ்யத்தில் தொடங்காத கிராஃப் எல்லாம் ஏமாற்று" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் சார்ட்டை நினைத்துப் பாருங்கள். உடம்பின் வழக்கமான சூடு 98.6 டிகிரி. 103 என்றால் வீடே பதறும். பூஜ்யத்திலிருந்து வரைந்தால் அந்த இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான் வித்தியாசம் தெரியும், நர்ஸுக்கு அந்த சார்ட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. பட்டையில் நம் கண் உயரத்தைப் படிக்கிறது, அதனால் பட்டைக்குப் பூஜ்யம் கட்டாயம். கோட்டுப் படத்தில் கண் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது, அதனால் அங்கே பூஜ்யம் கட்டாயமில்லை. ஆனால் அடி எங்கே என்பது பொருத்தமாக இருக்க வேண்டும், தெரிகிற மாதிரியும் எழுதியிருக்க வேண்டும்.

பொருத்தமான அடி எது? இதற்கு என்னிடம் ஒரு உதாரணம் இருக்கிறது. நான் வாய் திறந்தாலே இவர் மேட்டூருக்குப் போய்விடுவார் என்று வீட்டில் கேலி செய்வார்கள். போகத்தான் போகிறேன்.

மேட்டூர் அணை நிறைந்தால் 120 அடி. அது நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இந்த 120ஐ எங்கிருந்து எண்ணுகிறார்கள்? கடல் மட்டத்திலிருந்து 670 அடி உயரத்தில் அந்த அளவின் பூஜ்யம் இருக்கிறது. அணை நிறைந்தால் தண்ணீரின் மேல்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. இப்போது 20 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கிராஃப் தாளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரே அணையை மூன்று பேர் வரையப் போகிறார்கள்.

முதல் ஆள் கடல் மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து வரைகிறார். பூஜ்யத்திலிருந்துதானே வரைந்தேன், என் மேல் என்ன தப்பு என்பார். அவர் தாளில் 790 அடிக்கு 20 சென்டிமீட்டர். அணை வறண்டதிலிருந்து நிறைவது வரை உள்ள 120 அடி முழுவதும் உச்சியில் சுமார் 3 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். டெல்டாவில் குறுவைக்குத் தண்ணீர் இல்லாத வருடமும், பதினாறு கண் மதகு வழியாக உபரி நீர் பாய்கிற வருடமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். பூஜ்யத்தை வைத்தே ஏமாற்றலாம் என்பதற்கு இது சாட்சி.

இரண்டாவது ஆள் 100 அடியில் தொடங்கி 120இல் முடிக்கிறார். ஓரடிக்கு ஒரு சென்டிமீட்டர். நீர்மட்டம் 119இலிருந்து 101க்கு இறங்கினால், அவர் கோடு 19 சென்டிமீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு விழும். அணை தரை தட்டிவிட்டது போல இருக்கும். உண்மையில் 100 அடியில்கூட அணையில் சுமார் 65 டி.எம்.சி. தண்ணீர் இருக்கிறது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது தரை தட்டியதாகக் காட்டுகிறது அந்தப் படம்.

மூன்றாவது ஆள் 0 முதல் 120 வரை வரைகிறார். மூன்றில் இதுதான் நேர்மையான படம். இதிலும் ஒரு சின்னக் குழி உண்டு. அணை கீழே குறுகியும் மேலே விரிந்தும் இருக்கிறது. அதனால் 60 அடி என்றால் பாதித் தண்ணீர் இல்லை, கால் பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். உச்சியில் ஓரடி இறங்குவதும் அடியில் ஓரடி இறங்குவதும் ஒன்றல்ல. பேப்பரில் அடியோடு சேர்த்து டி.எம்.சி.யும் போடுவது இதற்காகத்தான். குடிக்கவும் பாய்ச்சவும் எவ்வளவு இருக்கிறது என்பது கேள்வியானால் டி.எம்.சி. கிராஃபைத்தான் கேட்க வேண்டும்.

அடிப்பக்கம் முடிந்தது. இனி இடது ஓரமும் வலது ஓரமும், அதாவது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடித்தார்கள் என்பது. 2024 ஜூலை கடைசியில் என் தங்கை மகன் செல்போனை நீட்டினான். "மாமா, பாருங்க, ஒரே மாசத்துல மூணு மடங்கு!" என்றான். ஜூலை தொடக்கத்தில் 40 அடியை ஒட்டி இருந்த மேட்டூர் 30ஆம் தேதி 120ஐத் தொட்டது. படம் உண்மை, அச்சும் பூஜ்யத்தில் தொடங்கியது. "இதுக்கு முந்தின மாசம் எங்கடா?" என்று மட்டும் கேட்டேன். அவன் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தான், படத்தில் அது இல்லை.

முந்தையதைச் சேர்த்துப் பார்ப்போம். குறுவைக்கு வழக்கமாக அணை திறக்கிற நாள் ஜூன் 12. 2023இல் அன்று அணை திறந்தபோது 103 அடி. அக்டோபர் 10 வாக்கில் 30 அடியை ஒட்டி இறங்கி, பாசனத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். 2024 ஜூன் 12 அன்று 40 அடிக்குச் சற்று மேல், அன்றைக்கு அணை திறக்கவில்லை. ஜூலை 30 அன்று 120. இந்த ஒரே கோட்டை வைத்து, 2023 ஜூனிலிருந்து 2024 ஜூன் வரை வெட்டினால் "ஒரு வருடத்தில் அணை பாதிக்கும் கீழே போய்விட்டது" என்று கட்சி கட்டலாம். 2023 அக்டோபரிலிருந்து 2024 ஜூலை வரை வெட்டினால் "நான்கு மடங்கு பெருகிவிட்டது" என்று மாலை போடலாம். இரண்டு பேரும் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. கத்தரிக்கோல் வைத்த இடம்தான் வேறு.

இதில் எப்படித் தப்பிப்பது? வருடா வருடம் ஏறி இறங்குகிற எதையும் அதே மாதத்தோடு, அதுவும் பல வருடங்களுக்கு ஒப்பிட வேண்டும். மேட்டூருக்கு ஜூலை, ஆகஸ்டில் தண்ணீர் வருவது குடகிலும் வயநாட்டிலும் பெய்கிற தென்மேற்குப் பருவமழையால். அந்த மாதங்களில் ஏறுவது இயல்பு, கோடையில் இறங்குவதும் இயல்பு. ஜூன் 12ஐ மட்டும் வரிசையாக எடுங்கள். 2020, 2021, 2023 மூன்றிலும் 100 அடியை ஒட்டி இருந்தது. 2018, 2019, 2024 மூன்றிலும் 40களை ஒட்டித்தான் இருந்தது. அந்த மூன்று வருடமும் பிற்பாடு அணை 120ஐத் தொட்டது, 2019இல் செப்டம்பர் ஆகிவிட்டது. ஆக, என் தங்கை மகன் காட்டிய ஏற்றம் அதிசயம் இல்லை, சில வருடங்களில் அப்படி நடக்கும். 2022ஐ ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். அந்த வருடம் மே 24 அன்றே 117 அடியில் திறந்துவிட்டார்கள். ஜூன் 12க்குள் தண்ணீர் வெளியே போகத் தொடங்கிவிட்டதால் மற்ற வருடங்களோடு அதை நேராக வைக்க முடியாது. ஒரு வருடத்தை விட்டால் ஏன் விட்டோம் என்று சொல்லிவிட வேண்டும், இப்படி.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கிறவர்கள், கொட்டை விலை கிராஃபை யாராவது காட்டி முதலீடு கேட்டால், இதே கேள்வியைக் கேளுங்கள்: தொடங்கிய மாதத்தை யார் தேர்ந்தெடுத்தது, அதற்கு முந்தைய ஐந்து வருடத்தையும் காட்ட முடியுமா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்தார் கையைக் காட்டுகிறார். இடது பக்கம் ஒரு அளவு, வலது பக்கம் வேறொரு அளவு என்று இரட்டை அச்சு போட்ட படங்களைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வந்தேன், மேட்டூர் எல்லா நேரத்தையும் குடித்துவிட்டது. ஒரே வரியில் சொல்கிறேன்: இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்துக்கு அதில் அர்த்தமே இல்லை, ஒரு பக்கத்து அளவை மாற்றினால் வெட்டும் இடம் நகர்ந்துவிடும். அப்படி ஒரு படம் வந்தால் இரண்டையும் தனித்தனியாக வரைந்து கேளுங்கள். நன்றி, வணக்கம்.