முந்திரிக் கொட்டை வாங்கும் மாதத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

(கடலூரில் தொழில்முனைவோர் பயிற்சி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதல் திட்ட அறிக்கையை எழுதி மாவட்டத் தொழில் மையத்துக்கோ வங்கிக்கோ கொண்டுபோகப் போகிறீர்கள். அதில் தொழிலின் அறிமுகம், உங்கள் படிப்பும் அனுபவமும், சந்தை, உற்பத்தி முறை, இயந்திரங்களின் விலைப்பட்டியல், நிதி என்று பகுதிகள் இருக்கும். முதல் இரண்டையும் அரை அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம். விலைப்பட்டியலை இயந்திரம் விற்பவரே தந்துவிடுவார். திட்டம் நிற்குமா விழுமா என்பது நிதிப் பகுதியில், அதிலும் சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டத் தேவையான பணமான நடைமுறை மூலதனத்தில்தான் தெரியும். நான் பார்க்கிற அறிக்கைகளில் பலவற்றில் அதற்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

நம் மாவட்டத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் ஒருவர் சின்னதாக முந்திரிப் பருப்பு ஆலை வைக்கிறார். விலைகளைக் கணக்குக்காக நான் வைக்கிறேன். உங்கள் அறிக்கையில் அந்த வாரத்துச் சந்தை விலையைப் போடுங்கள்.

ஆண்டுக்கு 6,000 கிலோ கொட்டை, அதாவது 80 கிலோ மூட்டையில் 75 மூட்டை. பருவத்தில் கிலோ 120 ரூபாய் என்றால் 7,20,000 ரூபாய். நூறு கிலோ கொட்டையை அவித்து, உடைத்து, உலர்த்தி, தோல் உரித்தால் 24 கிலோ பருப்பு கிடைப்பதாக வைப்போம். ஆக ஆண்டுக்கு 1,440 கிலோ, மாதம் 120 கிலோ. ஒரு கிலோ பருப்புக்குக் கொட்டைச் செலவு மட்டும் 500 ரூபாய். கூலியும் பாக்கெட்டும் 110. மொத்தம் 610.

விற்பனை விலையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கடையில் முழுப் பருப்பு விற்கும் விலையை அப்படியே போட்டு, எல்லாமே முழுசாக வரும் என்று எழுதிவிடுகிறார்கள். உடைந்தது வராமல் இருக்காது. நூற்றுக்கு 70 முழுப் பருப்பு கிலோ 780க்கும், 30 உடைந்தது 620க்கும் போனால் சராசரி 732. கிலோவுக்கு 122 மிஞ்சும். வாடகை, மின்சாரம், வட்டி எல்லாம் சேர்த்து மாதச் செலவு 12,000 என்றால், மாதம் 99 கிலோ விற்றால்தான் நட்டம் இல்லை. நாம் விற்பது 120 கிலோ, மிச்சம் 2,640 ரூபாய். இதே ஆலையில் உடைசல் நூற்றுக்கு 45 ஆனால் சராசரி 708ஆக இறங்கும். அப்போது 123 கிலோ விற்க வேண்டும், ஆலையோ 120 கிலோதான் தருகிறது. அதனால் உற்பத்திப் பகுதியில் உடைசல் எவ்வளவு, அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். பக்கத்து ஆலையில் ஒரு மூட்டையை உடைத்துப் பார்த்த எடைக் கணக்கு இருந்தால் போதும்.

சரி, நடைமுறை மூலதனத்துக்கு வருவோம். சிறு தொழில்களுக்கு வங்கிகள் பொதுவாக ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தைக் கடன் வரம்பாகக் கொடுப்பார்கள், இன்னும் 5 சதவீதம் உங்கள் கையிலிருந்து வர வேண்டும். நம் ஆலையின் ஆண்டு விற்பனை சுமார் 10,54,000 ரூபாய். 20 சதவீதம் என்றால் 2,10,000தான். ஆனால் கொட்டை பங்குனியிலிருந்து வைகாசிக்குள் வந்து முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களில் தேவைப்படுவது 7,20,000. இந்த இடைவெளியை அறிக்கையில் காட்டாவிட்டால், பருவத்தில் வாங்க முடியாமல் அப்புறம் வியாபாரியிடம் மாதாமாதம் வாங்குவீர்கள். அங்கே விலை 135 ஆனால் பருப்புக்குக் கொட்டைச் செலவு 562 ரூபாய் 50 பைசா. கிலோவுக்கு மிச்சம் 59 ரூபாய் 50 பைசாதான், மாதத்துக்கு 7,140. முன்பு சொன்ன 12,000இல் பருவக் கடன் வட்டியான 3,600ஐக் கழித்தால்கூட மாதச் செலவு 8,400. ஆலை நட்டத்தில்தான் ஓடும்.

ஆகவே ஒரு பக்கம் ஒதுக்கி 12 மாதத்துக்கும் கட்டம் போடுங்கள்: அந்த மாதம் வாங்குவது, விற்று வருவது, கடைக்காரரிடம் பாக்கி நிற்பது, மாத முடிவில் கையில் இருப்பது. பணம் மிகவும் பள்ளத்தில் போகிற மாதத்து எண்தான் நீங்கள் கேட்க வேண்டிய வரம்பு. அந்தக் கட்டத்தை வைத்துப் பருவகால வரம்பைக் கேளுங்கள். வாங்கிய கொட்டையை வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஈரமில்லாத கிடங்கில் அடுக்கும் இடத்தையும் எழுதுங்கள். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடித்துப் பருப்பு கறுக்கும். காயும்போது எடை குறைவதால், வாங்கும் எடையையும் கிடங்கு எடையையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

மாதம் மிஞ்சும் அந்த 2,640 ரூபாயில் உரிமையாளரின் சம்பளம் கழிக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். வங்கி மேலாளர் இதைக் கட்டாயம் கேட்பார். 75 மூட்டை போதாது, இன்னும் கூட்ட வேண்டும் என்றுதான் இந்தக் கணக்கு சொல்கிறது. கூட்டினால் பருவத்து வரம்பும் கூடும், கட்டத்தைத் திரும்பப் போட வேண்டியிருக்கும். கடன் வந்த பிறகும் மாதாமாதம் சரக்கு இருப்பு அறிக்கையை வங்கி கேட்கும். அதற்கு அடிப்படையாக இருக்கப் போவதும் இதே கட்டம்தான்.