பெய்தது, பெய்திருக்கிறது, பெய்ததாம்

வணக்கம் நேயர்களே. சேலத்தில் ஒரு பத்திரிகைக்கு 20 வருடத்துக்கு மேல் பகுதிநேர நிருபராகச் செய்தி அனுப்பியவன் நான். கண்ணால் பார்க்காததை எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நிருபர் எழுதுவதில் முக்கால்வாசி அவர் பார்க்காததுதான். விபத்து நடக்கிற நேரத்தில் நாம் அங்கே நிற்பதில்லை, போய்ச் சேரும்போது கண்ணாடித் தூளும் கூட்டமும்தான் மிச்சம் இருக்கும். அதனால் நான் தப்பாக எழுதிய ஒரு செய்தியையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு ஐப்பசி மாதம், ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த சுற்றுலா வேன் ஒன்று அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே தடுப்புச் சுவரில் மோதிச் சாய்ந்துவிட்டது. சேலத்திலிருந்து ஏறும் அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கடைசி இரண்டு மூன்று மட்டும் இறங்க வேண்டியிருந்த நேரத்தில் நடந்தது. உயிர்ப்பலி இல்லை, சிலருக்குக் கை கால் முறிவு. நான் போனது ஒரு மணி நேரம் கழித்து. சாலை ஈரமாக இருந்தது. வேனுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன், பின் சீட்டுக்கு அடியில் ஒரு மது பாட்டில் கிடந்தது. கீழே டீக்கடையில் நின்ற ஒருவர், “டிரைவர் ஃபுல்லா இருந்தான் சார்” என்றார். அவ்வளவுதான். “டிரைவர் குடிபோதையில் வேனை ஓட்டியதே விபத்துக்குக் காரணம் என்று கூறப்படுகிறது” என்று எழுதி அனுப்பிவிட்டேன். ‘கூறப்படுகிறது’ போட்டாயிற்று, இனி பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து அந்த டிரைவரின் மனைவி பேப்பரை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. “கூறப்படுகிறதுன்னு போட்டிருக்கீங்க சார், யார் சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்க” என்றார். என்னால் சொல்ல முடியவில்லை, டீக்கடையில் நின்றவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது, டிரைவர் குடித்திருக்கவில்லை. பாட்டில் தன்னுடையது என்று பயணிகளில் ஒருவரே போலீஸில் சொல்லியிருந்தார். அதற்குள் வண்டி முதலாளி அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

தப்பு எங்கே என்று யோசித்தால், எங்கள் அம்மா பேசும் பேச்சு ஞாபகம் வருகிறது. முற்றத்தில் நின்று நனைந்தால் “மழை பெய்தது” என்பார். காலையில் எழுந்து ஈரத் தரையைப் பார்த்தால் “ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்பார். பக்கத்து ஊரிலிருந்து வந்தவர் சொன்னால் “அங்கே மழை பெய்ததாம்” என்பார். கண்டது ஒன்று, தடயத்தைப் பார்த்து ஊகித்தது ஒன்று, பிறர் வாயால் கேட்டது ஒன்று. மூன்றையும் பள்ளிக்கூடம் போகாத அம்மா ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை, நாமும் வீட்டில் பேசும்போது மாற்றுவதில்லை. செய்தி எழுத உட்கார்ந்தால்தான் மூன்றையும் ஒரே ‘கூறப்படுகிறது’வில் போட்டுக் கலக்கிவிடுகிறோம். பாட்டில் நான் பார்த்தது. டிரைவர் குடித்தது நான் ஊகித்தது. ‘ஃபுல்லா இருந்தான்’ என்பது நான் கேட்டது. என் வாக்கியத்தில் இந்த மூன்றும் ஒன்றாகிவிட்டன, பாட்டிலைப் பார்த்த தைரியத்தில் மற்ற இரண்டையும் எழுதிவிட்டேன்.

இன்னொன்று, ‘கூறப்படுகிறது’வில் ஆளே இல்லை. சொன்னவர் யார், எங்கே நின்றார் என்று வாசகர் எடைபோட வழியில்லை. “டீக்கடையில் இருந்த ஒருவர் சொன்னார்” என்று எழுதியிருந்தால்கூட, டீக்கடைக்கும் வேனுக்கும் எவ்வளவு தூரம் என்று வாசகர் யோசித்திருப்பார். நானும் யோசித்திருப்பேன். அதற்கு அப்புறம் சாட்சி யாராக இருந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, “முதலில் சத்தம் கேட்டதா, வண்டியைப் பார்த்தீர்களா?” என்பதுதான். பார்த்தேன் என்று சொல்கிறவர்களில் நிறையப் பேர் சத்தம் கேட்டுத் திரும்பியவர்கள். மோதியதை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள், மோதி முடிந்ததைத்தான் பார்த்திருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மனசு நடுவில் இருக்கும் இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

மலைப்பாதை விபத்தில் அடிக்கடி வரும் இன்னொரு வாக்கியம் “பிரேக் பிடிக்காததால் விபத்து”. இதில் ரொம்பக் கவனம் வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். வண்டி நின்று ஆறிய பிறகு அதே பிரேக் மறுபடி பிடிக்கலாம். அப்புறம் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, பிரேக்கில் பழுது இல்லை என்று அறிக்கை கொடுத்தால் டிரைவர் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது, அவர் சொன்னது உண்மை என்றும் ஆகிவிடாது. அதனால் “மிதித்தபோது பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொன்னார்” என்பதோடு நிறுத்த வேண்டும். ஆய்வு முடிவு வந்தால் அதைத் தனியாக, ஆய்வாளர் பார்த்தது என்று எழுத வேண்டும். ‘பிரேக் பழுதானதால்’ என்று எழுதும்போது அந்த ‘ஆல்’ என்கிற இரண்டு எழுத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

சரி, பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் ‘கூறப்படுகிறது’ போடலாமா என்றால், அதுவும் தப்பு. வேன் என் கண் முன்னால் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, “வேன் சுவரில் மோதியதாகக் கூறப்படுகிறது” என்று சிலர் எழுதுகிறார்கள். தெரிந்ததற்கும் இதையே போட்டால், நிஜமாகவே தெரியாத இடத்தில் போடும்போது யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

“போலீஸார் தெரிவித்தனர்” என்று போட்டால் போதும் என்பதும் பலருடைய நினைப்பு. போலீஸாரும் பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதானே வருகிறார்கள். முதல் தகவல் அறிக்கை என்பது பெயரிலேயே இருக்கிறது, முதலில் வந்த தகவல், விசாரணையின் முடிவு இல்லை. அதில் “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்று இருந்தால் அது புகார் கொடுத்தவர் சொன்னது. “என்று புகாரில் கூறியிருக்கிறார்” என்றுதான் நாம் எழுத வேண்டும். சட்டத்திலும் ‘கூறப்படுகிறது’ தனியாக நின்று காப்பாற்றாது. அவதூறை இன்னொருவர் சொன்னதாகத் திருப்பி எழுதினாலும் எழுதியவர் பொறுப்பு போய்விடாது.

அந்த வேன் செய்தியை இன்று எழுதினால் இப்படி எழுதுவேன்: “வேன் தடுப்புச் சுவரில் மோதிச் சாய்ந்தது. அப்போது சாலை ஈரமாக இருந்ததாகப் பயணிகள் இருவர் கூறினர். பிரேக் பிடிக்கவில்லை என்று டிரைவர் சொன்னார். டிரைவர் மது அருந்தியிருந்தாரா என்பது ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே தெரியும் என்று போலீஸார் தெரிவித்தனர்.” அந்தக் கடைசி வாக்கியம்கூட வேண்டுமா என்று இன்னும் யோசிக்கிறேன், ஏனென்றால் டிரைவர் பெயருக்குப் பக்கத்தில் மது என்ற வார்த்தை வந்தாலே படிப்பவர் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார். பாட்டிலைப் பற்றி எழுத மாட்டேன். அது யாருடையது என்று அன்று எனக்குத் தெரியாது.

பரிசோதனை முடிவு வந்த அன்று நாலு வரி எழுதி அனுப்பினேன். உள் பக்கத்தில், ஒரு விளம்பரத்துக்குக் கீழே போட்டார்கள். அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு டிரைவரின் மனைவியைப் பார்க்கப் போனேன். அவர் இரண்டு தடவை படித்தார். “முதல்ல வந்தது முதல் பக்கம் சார்” என்று மட்டும் சொன்னார்.