தவணையைக் குறைப்பதா, வருஷத்தைக் குறைப்பதா?

வணக்கம். வீட்டுக்கடனில் மொத்தமாக ஒரு தொகை கட்டினால், மாதத் தவணையைக் குறைக்கலாம், இல்லையென்றால் கடன் காலத்தைக் குறைக்கலாம். எது லாபம்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

30 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். இஎம்ஐ 26,035 ரூபாய். மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் பாக்கி சுமார் 28.05 லட்சம் நிற்கும். ஒன்பது லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் இரண்டு லட்சம்கூடக் குறையவில்லை, வயிறு எரியத்தான் செய்யும். இப்போது கையில் இருக்கும் 3 லட்சத்தைக் கட்டுகிறோம். பாக்கி 25.05 லட்சம்.

இஎம்ஐயை அப்படியே விட்டால், மீதி 204 மாதம் 162 ஆகிவிடும். மூன்றரை வருடம் முன்னாலேயே கடன் முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 7.9 லட்சம். காலத்தை அப்படியே விட்டால், இஎம்ஐ 23,250 ஆகும், மிச்சம் 2.7 லட்சம்தான்.

பெரும்பாலும் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்: காலத்தைக் குறை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஐந்து லட்சம் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பாக்கியும் ஒன்று, வட்டி விகிதமும் ஒன்று. முதல் வழியில் நீங்கள் மாதாமாதம் 2,785 ரூபாய் கூடுதலாகக் கட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். மிச்சம் அதனால் வந்தது. இஎம்ஐயைக் குறைத்துக்கொண்டு, அந்த 2,785 ரூபாயை மாதாமாதம் அசலில் கட்டினாலும் கடன் அதே 162 மாதத்தில் முடியும்.

அதனால் வேலை நிச்சயமில்லாதவர், அடுத்து பிள்ளைக்குக் கல்விக் கடன் வாங்கப்போகிறவர் எல்லாம் இஎம்ஐயைக் குறைப்பதில் தப்பே இல்லை. கஷ்டமான மாதத்தில் 23,250 கட்டினால் போதும். ஒரே சிக்கல், மிச்சமாகும் பணம் செலவாகிவிடும். கை நிற்காது என்றால் பேசாமல் காலத்தையே குறையுங்கள். பார்ட் பேமெண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும் இடங்களும் உண்டு; அங்கே சேர்த்து வைத்து வருடத்துக்கு ஒரு தடவை கட்டலாம். தனிநபரின் ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக்கடனுக்கு வங்கிகள் இதற்கு அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம், பணம் கட்டும்போதே இது அசலுக்கு என்று எழுதிக் கொடுங்கள், எந்த வழி வேண்டும் என்பதையும் சேர்த்து. சில சமயம் முன்கூட்டிய தவணை என்று வரவு வைத்துவிடுவார்கள். ஸ்டேட்மெண்டில் பணம் கட்டிய தேதியிலேயே அசல் பாக்கி முழு 3 லட்சம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அடுத்த இஎம்ஐ போவதற்குள் கிளைக்குப் போய்க் கேளுங்கள்.