கடைசிச் சுற்றுக்குப் பிறகு வரும் மௌனம்

நேயர்களுக்கு வணக்கம்.

ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையின் பணியாளர் துறையில் 22 ஆண்டுகள் இருந்தேன். வேலைக்கு ஆள் எடுப்பதுதான் என் வேலை. அந்த வேலையில் நான் சேர்த்துக்கொண்ட பாவங்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இறுதி நேர்காணல் வரை வந்தவர்கள் பலருக்கு நான் பதிலே அனுப்பியதில்லை.

சென்ற ஆண்டு குடியாத்தத்திலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, எந்நேரமும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்றாள். அவள் மகன் திருப்பெரும்புதூர்ப் பக்கம் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலைக்கு மூன்று சுற்று முடித்திருந்தான். கடைசிச் சுற்று 6ஆம் தேதி, வியாழக்கிழமை. ஆலைத் தலைவரே முக்கால் மணி நேரம் பேசினாராம். "ஒரு வாரத்தில் சொல்கிறோம்" என்று அனுப்பிவைத்தார்கள். 14ஆம் தேதி வரை ஒரு வார்த்தை இல்லை. பையன் அதற்குள் நான்கு முறை போன் செய்து, இரண்டு பக்கக் கடிதம் ஒன்றையும் எழுதி வைத்திருந்தான். நல்ல வேளை, கடிதத்தை அனுப்பவில்லை.

அதை வாங்கிப் படித்தேன். தந்தைக்கு உடல்நிலை சரியில்லாதது, வீட்டுக் கடன், தன் உழைப்பு என எல்லாம் இருந்தது. கடைசியில், "நான் தேர்வாகிவிட்டேனா, இல்லையா?" என்ற கேள்வி. அந்தக் கேள்விதான் தவறு. ஏன் என்று சொல்ல, உள்ளே நடப்பதை முதலில் சொல்ல வேண்டும்.

கடைசிச் சுற்றுக்கு இரண்டு பேர், மூன்று பேர் வருவார்கள். அவர்களில் ஒருவர் முதலிடம். அவருக்குத்தான் சம்பளம் பேசுவார்கள். அவர் யோசிப்பார், பேரம் பேசுவார், பழைய நிறுவனத்தில் விலகல் கடிதம் கொடுப்பார். அங்கே 30 நாள், சில இடங்களில் 90 நாள்கூட இருந்துவிட்டுத்தான் வர முடியும். நடுவில் பழைய முதலாளி சம்பளத்தை உயர்த்தினால் அங்கேயே தங்கிவிடுவார். இது நிறைய நடக்கும். அதனால் இரண்டாம் இடத்தில் இருப்பவரிடம் 'இல்லை' என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. 'ஆம்' என்றும் சொல்ல முடியாது. ஆகவே வாயை மூடிக்கொள்வோம். முறையல்லதான், ஆனால் நடப்பது இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆலையில் எல்லோருக்கும் பிடித்துப்போன ஆளுக்குக்கூட, சம்பளத் தொகைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒப்புதல் வர வேண்டும். அது பாலாற்றில் வெள்ளம் வருவது மாதிரி. வரும்போது வரும்.

இப்போது பாருங்கள். போனை எடுக்கும் பணியாளர் துறைப் பெண்ணுக்கே முடிவு தெரியாது. அவரிடம் "நான் தேர்வா?" என்று கேட்டால் என்ன சொல்வார்? தெரியாத கேள்விக்குப் பதில் சொல்வதைவிட அழைப்பை எடுக்காமல் விடுவது அவருக்குச் சுலபம். அவரால் ஒரே வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியைத்தான் கேட்க வேண்டும். 'எப்போது தெரியும்?' என்பது அப்படிப்பட்ட கேள்வி.

"ஒரு வாரம் என்றார்கள், அது 13இல் முடிந்தது. அதற்கு மேல் இரண்டு வேலை நாள் அவர்களுக்குக் கொடு. திங்கள் காலை அவர்களுக்குத் தலை வலிக்கும். 18, செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு அனுப்பு" என்றேன். புதிதாக மின்னஞ்சல் தொடங்க வேண்டாம், நேர்காணலுக்கு அழைத்தார்களே, அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுது என்றும் சொன்னேன். பழைய கடிதம் கீழேயே இருப்பதால், இவன் யார், எந்தப் பணிக்கு வந்தான் என்று அந்தப் பெண் தேட வேண்டியதில்லை. மேலதிகாரிக்கு அப்படியே தள்ளிவிடவும் முடியும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போனது. பொருளைத் தமிழில் சொல்கிறேன்.

"வணக்கம். தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் பணிக்கு இம்மாதம் 6ஆம் தேதி நடந்த இறுதி நேர்காணலுக்கு வந்திருந்தேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. இந்தப் பணியில் சேர எனக்கு விருப்பம் இருக்கிறது. முடிவு எந்த வாரத்தில் தெரியவரும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். ஆவணம் ஏதேனும் தேவையென்றால் அனுப்புகிறேன்."

கீழே பெயரும் போன் எண்ணும். அவ்வளவுதான். வீட்டுக் கடன் இல்லை, "இன்னும் பதில் வரவில்லையே" என்ற குத்தலும் இல்லை. ஆலைத் தலைவருக்கு ஒரு நகல் போடட்டுமா என்றான். கூடாது என்றேன். தன் தலைக்கு மேல் போய்ப் புகார் செய்ததாகத்தான் அந்தப் பெண் எடுத்துக்கொள்வார். இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப் அனுப்புவதும் அதே ரகம்.

அதற்கும் பதில் வரவில்லை. ஒன்பது நாள் விட்டு, 27ஆம் தேதி பதினொன்றரை மணிக்கு ஒரே ஒருமுறை போன் செய்யச் சொன்னேன். எடுத்தார். "இன்னும் ஒப்புதல் வரவில்லை" என்றார். நாங்கள் பேசி வைத்திருந்தபடி இவன் கேட்டான்: "சரிங்க மேடம், நான் மறுபடியும் எப்போது கேட்டால் உங்களுக்குச் சிரமம் இருக்காது?" அவர் கொஞ்சம் யோசித்து, "அடுத்த மாதம் 10ஆம் தேதிக்கு மேல்" என்றார். பையன் முகம் வாடிவிட்டது. எனக்கு அது நல்ல பதிலாகப் பட்டது. தேதியை அவரே கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கேட்பது தொந்தரவாகாது.

"பரிசீலனையில் இருக்கிறது" என்ற பதிலுக்கு எந்த அர்த்தமும் இல்லை, நானே நூறு முறை சொல்லியிருக்கிறேன். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்டால், எப்போது சேர முடியும் என்று கேட்டால், கோப்பு நகர்கிறது என்று பொருள். அப்போதும் நியமனக் கடிதம் கைக்கு வராமல் இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். அதே பணிக்கு மறுபடி விளம்பரம் வந்திருக்கிறதே என்று சிலர் பதறுவார்கள். பல தளங்களில் பழைய விளம்பரமே தானாகப் புதுப்பிக்கப்படும், அதை வைத்து முடிவு கட்ட முடியாது.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் இந்தக் காத்திருப்புக் கணக்கு பொருந்தாது. வேறு நிறுவனம் நியமனக் கடிதம் கொடுத்து, இந்தத் தேதிக்குள் சொல் என்று கேட்டிருந்தால், அன்றே எழுதிவிடலாம். "20ஆம் தேதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதற்கு முன் உங்கள் நிலை தெரிந்தால் நல்லது" என்றால் போதும். கையில் இல்லாத கடிதத்தை இருப்பதாகச் சொல்லாதீர்கள். "அப்படியானால் அங்கேயே சேருங்கள், வாழ்த்துகள்" என்று நான் இரண்டு பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

11ஆம் தேதி இவன் இரண்டாவதும் கடைசியுமான கடிதத்தை எழுதினான். நான்கு வரி. இந்தப் பணி முடிவாகியிருந்தால் தெரிவிக்கும்படியும், பின்னால் பொருத்தமான இடம் வந்தால் தன்னை நினைவில் வைக்கும்படியும் கேட்டிருந்தான். மறுநாளே பதில் வந்தது. வேறொருவர் சேர்ந்துவிட்டார். அவருடைய விலகல் காலம் முடியும் வரை உறுதி சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும் என்று அந்தப் பெண் எழுதியிருந்தார். நான் ஒருவருக்கும் அப்படி எழுதியதில்லை.

இரண்டு நாள் பையன் யாரோடும் பேசவில்லை. அந்தக் காத்திருப்புக்கு நடுவிலேயே ஓரகடத்தில் இன்னொரு நிறுவனத்துக்கு மனுப் போட வைத்திருந்தேன். அங்கே இறுதிச் சுற்று முடிந்து காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியதும் போன் செய்தான். "மாமா, நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன்பே கேட்டுவிட்டேன். முடிவு எந்தத் தேதிக்குள், தாமதமானால் யாருக்கு எழுத வேண்டும் என்று. பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் நேர்காணல் செய்தவரே எழுதிக் கொடுத்தார்."

வணக்கம்.