சட்டை மாறினாலும் பேனாவும் போனும் பாக்கெட்டிலேயே இருக்கணும்

வணக்கம்ங்க. ஸ்டுடியோவுல டிரெஸ் சேஞ்ச் வேலை பண்றவங்களுக்குத்தான் இந்த வீடியோ. பாஸ்போர்ட் சைஸுன்னா பெரும்பாலும் பாக்கெட் வர்றதுக்கு முன்னாடியே படம் முடிஞ்சிடும், பிரச்சனை இல்ல. ஃப்ளெக்ஸ் பேனர், ஆல்பம், ஆபீஸ் ஸ்டாஃப் போட்டோ, இப்படி இடுப்பு வரைக்கும் தெரியிற படம்தான் மாட்டிவிடும். கஸ்டமர் வந்து, "சட்டையை மட்டும் வெள்ளையா மாத்துங்க, பாக்கெட்ல இருக்கிற பேனாவும் போனும் அப்படியே இருக்கட்டும்"னு சொல்லிட்டுப் போயிடுவார். அதை போட்டோஷாப்ல எப்படிப் பண்றதுன்னு பார்ப்போம்.

இப்ப ஸ்க்ரீன்ல இருக்கிற படத்துல, நீலச் சட்டை, பாக்கெட்ல ஒரு போன், பக்கத்துல நீல மூடி போட்ட பால்பாயின்ட் பேனா. புதுச் சட்டையை வைக்கிறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டையும் வெட்டி எடுத்துடணும். பென் டூல்ல பாத் போட்டு, Ctrl+Enter, ஃபெதர் அரை பிக்சல், Ctrl+J. பேனாவை மட்டும் ரெண்டு துண்டா எடுங்க. மூடியோட தலை ஒரு லேயர், கிளிப் தனி லேயர்.

ஏன் ரெண்டுன்னா, பேனாவோட உடம்பு பாக்கெட் துணிக்குப் பின்னாடி இருக்கு, கிளிப் முன்னாடி இருக்கு. நடுவுல துணி. நிறைய பேர் பேனாவை ஒரே துண்டா வெட்டி சட்டை மேல வச்சிடுறாங்க. அப்ப அது ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும். நிழல் எவ்வளவு போட்டாலும் சரியாகாது, ஏன்னா தப்பு நிழல்ல இல்ல, வரிசையில இருக்கு.

வரிசை கீழேருந்து மேல சொல்றேன். முதல்ல புதுச் சட்டை. அதுக்கு மேல போனும் பேனாத் தலையும். அதுக்கு மேல பாக்கெட்டோட முன்பக்கத் துணி. எல்லாத்துக்கும் மேல கிளிப். பி.எஸ்.டி. சட்டையில பாக்கெட் தனி லேயரா வராது, நாமதான் பிரிக்கணும். பாக்கெட்டோட மூணு பக்கத் தையல், மேல வாய், இதைச் சுத்தி பாத் போட்டு Ctrl+J. அவ்வளவுதான், பாக்கெட் ரெடி. போன் பாக்கெட்டுக்குள்ள இறங்கிடும்.

எவ்வளவு இறங்கணும்? இங்கதான் கண் அளவு ஏமாத்தும், கணக்குப் போடுங்க. இந்தப் படத்துல போனோட அகலம் 216 பிக்சல். இந்த போன் நிஜத்துல 7.2 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். 216ஐ 7.2ஆல வகுத்தா 30. அதாவது இந்தப் படத்துல ஒரு சென்டிமீட்டருக்கு 30 பிக்சல். பழைய பாக்கெட் வாய்க்கு மேல போன் 90 பிக்சல் தெரியுது, அதாவது 3 செ.மீ. மீதி 12 செ.மீ. உள்ள இருக்கு. போன் அடித்தையல்ல உக்காந்திருக்குன்னா, பாக்கெட்டோட ஆழமும் 12தான்.

புதுச் சட்டையோட பாக்கெட்டை அளந்தா 405 பிக்சல், 13.5 செ.மீ. வருது. போனை அதே உயரத்துல விட்டா, அடியில ஒன்றரை செ.மீ. காத்துல நிக்குதுன்னு அர்த்தம். பார்க்கிறவங்களுக்கு என்ன தப்புன்னு சொல்லத் தெரியாது, ஆனா உறுத்தும். ரெண்டு வழி இருக்கு. போனை 45 பிக்சல் இறக்கலாம், அப்ப ஒன்றரை செ.மீ.தான் வெளிய தெரியும். கஸ்டமர் போன் தெரியணும்னு கேட்டிருக்கார், அதனால நான் ரெண்டாவது வழிக்குப் போறேன். பாக்கெட்டோட அடித்தையல் பட்டையை வெட்டி 45 பிக்சல் மேல ஏத்திட்டு, பழைய தையல் இருந்த இடத்தைப் பக்கத்துத் துணியால மூடிடுவேன். மொத்த பாக்கெட்டையும் உயரத்துல அமுக்காதீங்க. வாய் மடிப்பும் தையல் புள்ளியும் சேர்ந்து நசுங்கி, உடனே காட்டிக் கொடுக்கும். அடி கூம்பா இருக்கிற பாக்கெட்டுன்னா நடு முனையிலேருந்து அளக்கக் கூடாது. போனோட மூலை அந்தச் சரிவுலயே தட்டி நின்னுடும், அங்கேருந்துதான் ஆழம்.

பேனாவுக்கு இவ்வளவு கணக்கு வேணாம். கிளிப் மூடியில ஒட்டுற இடத்துக்குக் கொஞ்சம் கீழதான் பாக்கெட் வாய் போகணும், பேனா முழுசா செருகின நிலை அதுதான். வாய்க்கோடு கிளிப்போட பாதியில போனா பேனா அந்தரத்துல தொங்கும்.

அடுத்தது நிழல். லேயர் ஸ்டைல்ல இருக்கிற Drop Shadow வேண்டாம்ங்க. அது தைச்ச பக்கம், திறந்த பக்கம்னு பார்க்காம விழுந்து, பாக்கெட்டைச் சட்டையிலேருந்து தூக்கிக் காட்டும். நிஜத்துல பாக்கெட் மூணு பக்கமும் சட்டையோட தைச்சிருக்கு. தைச்ச பக்கம் கிட்டத்தட்ட நிழலே கிடையாது. திறந்திருக்கிறது வாய் மட்டும்தான். காலிப் பாக்கெட்டா இருந்தா வாய் ஓரத்துல மெல்லிய கோடு போதும். உள்ள 8 மி.மீ. தடிமன்ல போன் இருந்தா, வாய் அந்த அளவுக்குத் திறக்கும்.

அதனால புது லேயர் எடுத்து Multiply-ல வச்சு, கையாலயே போடுங்க. நிறம் கறுப்பு வேண்டாம், அதே சட்டையோட ஆழமான மடிப்புலேருந்து எடுங்க. போன் பாக்கெட்டுக்குள்ள நுழையிற இடத்துல ஒண்ணு ரெண்டு பிக்சல் மங்கலோட அடர்த்தியான கோடு. போனுக்குப் பின்னாடி, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம், எட்டுப் பத்து பிக்சல் மங்கலோட லேசான நிழல். மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழுதோ அதே பக்கம்.

பாக்கெட்டோட முகத்துலயும் போன் தெரியணும். வாயோட ரெண்டு மூலையும் தையல்ல பிடிச்சிருக்கும், நடுப்பகுதி மட்டும் போனோட எடையில ரெண்டு மூணு மி.மீ. தொய்யும். நம்ம கணக்குல வெறும் 6லேருந்து 9 பிக்சல். Warp-ல மெதுவா இழுங்க, இதுக்கு மேல போனா கிழிஞ்ச பை மாதிரி ஆயிடும். அப்புறம் போனோட ரெண்டு செங்குத்து ஓரமும் துணியை அழுத்துற இடத்துல, Soft Light-ல வச்ச 50% சாம்பல் லேயர்ல, ஒரு பக்கம் லேசா வெளுப்பு, மறுபக்கம் லேசா கருப்பு. பிரஷ் ஃப்ளோ 5% போதும்.

வெள்ளைச் சட்டையில இன்னொரு விஷயம் இருக்கு. மெல்லிசு வெள்ளைத் துணியில உள்ள இருக்கிறது வெளிய தெரியும். நம்ம ஊர் கட்சிக்காரங்க தலைவர் படத்தைப் பாக்கெட்ல வச்சா முகம் வெளிய தெரியுதே, அதேதான். அதனால போனோட மறைஞ்ச பகுதியை முழு 12 செ.மீ.க்கும் ஒரு செவ்வகமா வரைஞ்சு, பாக்கெட் துணிக்கு மேல Multiply-ல 10%, இல்லன்னா 12% வைங்க. ஓரத்தை நாலு பிக்சல் மங்கலாக்குங்க. பேனா உடம்புக்கும் இப்படியே. கெட்டித் துணி, கலர் சட்டைன்னா இது தேவையே இல்ல.

கடைசியா பழைய சட்டையோட நீலம். வெட்டின ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்தா Layer > Matting > Defringe, ஒரு பிக்சல். மாஸ்க் போட்ட லேயர்ல அது வேலை செய்யாது, மாஸ்க்கை அப்ளை பண்ணிட்டுக் குடுங்க. உலோகக் கிளிப்புன்னா அதுக்குள்ளயே பழைய நீலம் பிரதிபலிக்கும், அதை Defringe தொடாது. கிளிப்புக்கு மேல கிளிப்பிங் மாஸ்க்கா ஒரு லேயர் வச்சு, Color மோடுல புதுச் சட்டையோட நிறத்தைப் பூசுங்க. அப்புறம் 100% ஜூம்ல வச்சு பாருங்க. ஓரம் அங்க பல்லு பல்லா தெரிஞ்சா, அரை பிக்சல் ஃபெதர் விட்டுப்போச்சுன்னு அர்த்தம்.