கார்டு காலாவதியானால் டொமைன் ஏன் முடங்குகிறது?

[திரையில்: ஒரு டெபிட் கார்டு. 05/25 என்று அச்சிட்ட இடம் பெரிதாகிறது.]

வணக்கம். கார்டில் 05/25 என்று இருந்தால், அது 2025 மே மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஜூன் முதல் தேதியிலிருந்து செல்லாது. வங்கி புதிய கார்டை அனுப்பியதும் பழையதை வெட்டிப் போட்டுவிடுகிறோம். ஆனால், பழைய கார்டைக் கொடுத்து, ஆண்டுதோறும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளச் சொல்லிவைத்த இடங்கள் அந்த நேரத்தில் நம் நினைவுக்கு வருவதில்லை. அத்தகைய இடங்களில் .com டொமைனை மட்டும் இந்த வீடியோவில் பார்க்கிறோம். மறுமுயற்சி, முடக்கம், கூடுதல் கட்டணம் ஆகிய மூன்றும் எந்த விதியால், எந்தக் கட்டத்தில் வருகின்றன என்பது டொமைனில் தெளிவாகத் தெரியும். நாட்டுக் குறியீட்டில் முடியும் டொமைன்களுக்கு விதிகள் வேறு.

ஓர் அச்சகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் டொமைன் 2025 ஜூலை 10 அன்று முடிகிறது. ரெஜிஸ்ட்ராரிடம், அதாவது டொமைனை விற்ற நிறுவனத்திடம், கொடுத்திருப்பது நாம் பார்த்த அந்த 05/25 கார்டு.

[திரையில்: நாட்காட்டி. ஜூன் 25.]

முடிவுத் தேதிக்குச் சில நாட்கள் முன்பே பணம் எடுக்கப் பார்ப்பது பல ரெஜிஸ்ட்ரார்களின் வழக்கம். ஜூன் 25 அன்று அந்தக் கோரிக்கை, பேமென்ட் கேட்வே வழியாக விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்குப் போய், அங்கிருந்து கார்டை வழங்கிய வங்கியைச் சேர்கிறது. வங்கியின் பதில் இரண்டு எழுத்துக் குறியீடாகத் திரும்புகிறது. 51 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை. 54 என்றால் கார்டு காலாவதியாகிவிட்டது. 05 என்றால் காரணம் எதுவும் சொல்லாமல் வங்கி மறுக்கிறது. நம் அச்சகத்துக்கு வந்தது 54.

பணம் இல்லாத கணக்கில் சம்பள நாளுக்குப் பிறகு மீண்டும் கேட்டால் கிடைக்கக்கூடும். காலாவதியான கார்டிலோ எத்தனை முறை கேட்டாலும் தேதி மாறப்போவதில்லை. அப்படியிருந்தும் ரெஜிஸ்ட்ரார் ஜூன் 28, ஜூலை 3, ஜூலை 9 என்று திரும்பத் திரும்ப முயல்வதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளருக்குப் புதிய கார்டு வழங்கப்பட்டால், அதன் எண்ணையும் தேதியையும் விற்பனையாளருக்குத் தெரிவிக்கும் வசதியை நெட்வொர்க்குகளே நடத்துகின்றன. விசாவில் அதன் பெயர் அக்கவுன்ட் அப்டேட்டர். இரண்டு முயற்சிகளுக்கு இடையில் அந்தத் தகவல் வந்துவிட்டால், அடுத்த முயற்சி வாடிக்கையாளர் அறியாமலேயே வெற்றி பெறும். ஆனால் வங்கி அந்த வசதியில் சேர்ந்திருக்க வேண்டும். சேராத வங்கியின் கார்டு என்றால் புதிய தேதி ரெஜிஸ்ட்ராரை எட்டவே எட்டாது. குறியீட்டைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாத் தோல்விகளுக்கும் ஒரே அட்டவணையை ஓட்டும் மென்பொருள்களும் இருக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரம்பின்றி முயலவும் முடியாது: 30 நாட்களில் 15 மறுமுயற்சிகளைத் தாண்டினால் விசா கட்டணம் விதிக்கிறது.

[திரையில்: ஜூலை 10.]

இனி வருவதுதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். .com டொமைன்கள் அனைத்தின் பதிவேட்டையும் வைத்திருப்பது வேரிசைன் என்ற நிறுவனம். டொமைன் முடியும் நாளில், வாடிக்கையாளர் பணம் கட்டினாரா என்று கேட்காமல், வேரிசைன் அதைத் தானாகவே ஓராண்டு நீட்டித்து, 2025-இல் 10.26 டாலராக இருந்த மொத்த விலையை ரெஜிஸ்ட்ராரின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 45 நாட்களுக்குள் டொமைனை நீக்கினால் அந்தப் பணம் ரெஜிஸ்ட்ராருக்குத் திரும்பும். அதாவது, நம் கார்டு மறுக்கப்பட்ட பிறகும் டொமைன் உயிரோடு இருப்பது ரெஜிஸ்ட்ராரின் பணத்தில்தான். அவர் பொறுமைக்கும் அந்த 45 நாள்தான் எல்லை.

இதனால் விசித்திரமான ஒரு காட்சி உண்டாகிறது. ஜூலை மாதக் கடைசியில் அச்சக உரிமையாளர், டொமைனின் பதிவு விவரங்களைக் காட்டும் ஹூஇஸில் தேடினால் இப்படித் தெரியக்கூடும்:

```
Registry Expiry Date: 2026-07-10
Registrar Registration Expiration Date: 2025-07-10
Domain Status: clientHold
```

முதல் வரியை மட்டும் பார்ப்பவர், புதுப்பித்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுவார். அது வேரிசைன் தானாக நீட்டித்த தேதி. நம்முடைய பணம் எதுவரை கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுவது இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் உள்ள நிலை, டொமைன் பெயரைச் சேவையகத்தோடு இணைக்கும் டிஎன்எஸ்-இலிருந்து அதை ரெஜிஸ்ட்ரார் எடுத்துவிட்டார் என்பதைக் குறிக்கிறது.

அந்த முடக்கம் ரெஜிஸ்ட்ராரின் கோபத்தால் வருவதும் அன்று. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, முடிவுத் தேதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த பின் 5 நாட்களுக்குள்ளும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். மடலைப் படிக்காதவரும் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக, டொமைனை நீக்குவதற்கு முந்தைய கடைசி 8 நாட்கள் அதன் டிஎன்எஸ் வழியைத் துண்டிக்கவும் வேண்டும். ஆகஸ்ட் 15 அன்று நீக்குவதாக இருந்தால், ஆகஸ்ட் 7 முதல் இணையதளம் திறக்காது. அதற்கு வெகு முன்பே துண்டிப்பவர்களும் உண்டு. மின்னஞ்சலும் அதே டொமைனில் இருந்தால் அதுவும் நின்றுவிடும். ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் எச்சரிக்கைகள் போய்ச் சேர வேண்டிய முகவரியும் பெரும்பாலும் அதுதான். ஆகவே ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்கும் முகவரி வேறொரு டொமைனைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

[திரையில்: ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 14 வரை சிவப்புக் கோடு. `redemptionPeriod`]

நீக்கிய பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம். கூடுதல் கட்டணம் பெரிதாவது இங்கேதான். சில ரெஜிஸ்ட்ரார்கள் முதல் 45 நாட்களிலேயே ஒரு தாமதக் கட்டணம் கேட்பார்கள். அது அவரவர் விருப்பம். மீட்புக் காலத்திலோ, நீக்கிய டொமைனைத் திரும்ப எடுக்க வேரிசைனே ரெஜிஸ்ட்ராரிடம் தனிக் கட்டணம் வாங்குகிறது. அதன் மேல் ரெஜிஸ்ட்ரார் தன் பங்கையும், புதுப்பிக்கும் கட்டணத்தையும் சேர்ப்பதால், ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கட்ட நேரிடும். இதைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வாதாடிப் பெரிதாகப் பயன் இருக்காது; அதே வாதத்தை முடிவுத் தேதிக்கு அடுத்த வாரம் வைத்தால் கேட்கும் வாய்ப்பு அதிகம்.

செப்டம்பர் 14-க்குப் பிறகு நிலை `pendingDelete` என்று மாறும். அந்த 5 நாட்களில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் டொமைனை மீட்க முடியாது. பிறகு அது யார் வேண்டுமானாலும் பதியக்கூடியதாகிவிடும்.

[திரையில்: ரெஜிஸ்ட்ராரின் பில்லிங் பக்கம்.]

இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் செய்தி. 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பணம் எடுக்க இ-மேன்டேட் என்னும் முன் ஒப்புதலைப் பதிவு செய்திருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி அறிவிப்பும் அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் ஆட்டோ ரின்யூவல் என்ற பொத்தான் பச்சையாக இருந்தாலும், காலாவதியாகாத கார்டும் மறுக்கப்படலாம். புதிய கார்டு வந்ததும், பழைய மேன்டேட் அதற்கு மாறியிருக்கிறதா என்பதை வங்கியின் செயலியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய கார்டைச் சேர்ப்பதாலேயே நிலுவை தீர்ந்துவிடுவதில்லை. பல ரெஜிஸ்ட்ரார்களிடம் மறுமுயற்சி அட்டவணை முடிந்துபோனால், புதிய கார்டு இருந்தும் யாரும் அதில் பணம் எடுக்க மாட்டார்கள். கார்டைச் சேர்த்தவுடன் அந்த டொமைனைத் திறந்து, புதுப்பி என்பதை நாமே அழுத்திப் பணம் கட்ட வேண்டும். அதன் பிறகு ஹூஇஸில் இரண்டாம் வரி 2026-க்கு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.