சம்பவக் கேள்விக்குச் சுருக்கத் தாள் எழுதுவது

கேள்வி: "சேர், வணிகச் சட்டம் ஓபன் புக் சோதினை. கேள்வி எல்லாம் சம்பவம் தந்துதான் வருகுது. பொருள் விற்பனைக்கு மட்டும் சோர்ட் நோட் பதினைஞ்சு பக்கம் வந்திட்டுது. எப்படிச் சுருக்கிறது?"

அந்தப் பதினைந்து பக்கத்தில் பெரும்பாலும் வரைவிலக்கணங்கள்தான் இருக்கும், தங்கச்சி. அவை புத்தகத்தில் இருக்கின்றன, புத்தகமும் மேசையில் இருக்கிறது. சம்பவத்தில் எதைக் கண்டால் எந்த விதிக்குப் போவது என்பது புத்தகத்தில் இல்லை. தாளில் அதை எழுதுங்கள். முன்பும் சொல்லியிருக்கிறேன், திரும்பவும் சொல்வேன்.

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தையே எடுப்போம். சுன்னாகத்தில் ஒருவர் ஹார்ட்வெயார் கடையில், "என்ர கிணறு உவர்த்தண்ணி, தோட்டத்துக்கு இறைக்க ஒரு மோட்டர் தாங்கோ" என்கிறார். கடைக்காரர் தானே ஒன்றைத் தெரிந்தெடுத்துக் கொடுக்கிறார். இரண்டு மாதத்தில் உள்ளே துருப்பிடித்து நின்றுவிட்டது. தாளில் இடப்பக்கம், "எதற்கு என்று சொல்லி வாங்கினார்." வலப்பக்கம், "தேவைக்குப் பொருத்தம்." அதன் கீழே மூன்று கேள்வி: தேவை விற்பவருக்குத் தெரிந்ததா? அவருடைய அறிவை நம்பி வாங்கினாரா? அது அவர் வழக்கமாக விற்கும் பொருளா? பிறகு விதிவிலக்கு, பக்க எண். ஐந்தாறு வரிதான்.

ஆனால் விதிவிலக்கை விட்டுவிடாதீர்கள், பரீட்சகர் அங்கேதான் கைவைப்பார். அதே மனிதர் ஒன்றும் விசாரிக்காமல் வியாபாரப் பெயரைச் சொல்லி மோட்டர் வாங்கியிருந்தால், அந்தப் பொருத்தத்துக்கு விற்பவர் பொறுப்பில்லை. சரி, பெயரும் சொன்னார், ஆலோசனையும் கேட்டார் என்றால்? 1925இல் இங்கிலாந்தில் வந்த பால்ட்ரி எதிர் மார்ஷல் வழக்கு இதுதான். சொகுசாகப் பயணம் போக ஒரு கார் வேண்டும் என்று கேட்டவருக்கு, விற்பவரே புகாட்டியைச் சிபாரிசு செய்தார். அது அதற்குச் சரிவரவில்லை. பெயர் சொல்லி வாங்கினாலும், விற்பவரை நம்பி வாங்கினால் விதிவிலக்கு உதவாது என்று தீர்ப்பு. தாளில் "பெயர் + நம்பிக்கை = பால்ட்ரி" என்றால் போதும். சம்பவத்தில் வியாபாரப் பெயரைக் கண்டதும் விதிவிலக்கு என்று முடிவெழுதுகிற பிள்ளைகள் வருடா வருடம் இருக்கிறார்கள்.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, எழுதிய தாள் வேலை செய்யுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான். மூன்று மணித்தியாலத்தில் ஐந்து கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம். ஒரு பாஸ்ட் பேப்பர் கேள்வியை அந்த நேரத்துக்குள் எழுதுங்கள். புத்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் எதைத் தேடினீர்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். பக்கம் தேடி அலைந்திருந்தால் தாளில் பக்க எண் இல்லை என்று அர்த்தம். எந்த விதி என்றே தெரியாமல் புரட்டியிருந்தால் இடப்பக்க வரி இல்லை என்று அர்த்தம், அதைச் சேருங்கள். நாலைந்து பேப்பர் செய்தும் ஒரு தடவைகூடப் பார்க்காத வரியை வெட்டுங்கள், விதிவிலக்கை மட்டும் வெட்டாதீர்கள்.